பீட்டா பிளாக்கர் இதயத்தை எப்படி மெதுவாக்குகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகலில் டி.பார்ம் மாணவர்களுக்கு மருந்தியல் நடத்துகிறேன். மாலையில் மருந்துக்கடையில் இருக்கிறேன். பீட்டா பிளாக்கர் பற்றி வகுப்பில் வரும் சந்தேகமும் கடையில் வரும் சந்தேகமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. பல வருடமாகக் கேட்டவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே கீழே வைத்திருக்கிறேன். ரத்த அழுத்தம், நெஞ்சுவலி போன்றவற்றுக்குக் கொடுக்கும் மெட்டோப்ரோலால், அட்டெனோலால், பிசோப்ரோலால், புரோப்ரனலால் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

ரிசப்டர், ரிசப்டர்னு சொல்றீங்களே, அது உடம்புல எங்க இருக்கு?

செல்லின் மேல் சவ்வில் இருக்கிறது. தமிழில் ஏற்பி என்கிறோம். அது ஒரு புரதம். பீட்டா ஏற்பியை எடுத்துக்கொண்டால், ஒரே புரதச் சங்கிலி அந்தச் சவ்வை ஏழு முறை ஊடுருவி, நூல் கோத்துத் தைத்த மாதிரி நிற்கும். வெளிப்பக்கம் ஒரு சிறு குழிவு உண்டு. உடலை உசுப்பிவிடும் அட்ரீனலினோ நார்அட்ரீனலினோ வந்து உட்காருவது அதில்தான். உட்கார்ந்ததும் புரதத்தின் வடிவம் லேசாக மாறும். அந்த மாற்றம் செல்லுக்குள் தெரியும். வந்த மூலக்கூறு உள்ளே போவதே இல்லை, செய்தி மட்டும் போகிறது.

இதைக் கண்ணால் பார்ப்பதற்கு வெகு காலம் முன்பே ஊகித்துவிட்டார்கள். 1905-லேயே லாங்லி, செல்லில் மருந்தை ஏற்கும் ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று எழுதினார். 1948-ல் அமெரிக்காவில் ஆல்குவிஸ்ட், அட்ரீனலினும் அதைப் போன்ற சில பொருள்களும் ஒவ்வொரு உறுப்பிலும் எந்த வரிசையில் வீரியம் காட்டுகின்றன என்று ஒப்பிட்டார். இரண்டே வரிசைகள்தான் வந்தன. அப்படியானால் ஏற்பியும் இரண்டு வகை என்று முடிவு செய்து ஆல்பா, பீட்டா என்று பெயர் வைத்தார். இதயத்தை வேகப்படுத்துவது பீட்டா.

பீட்டா பிளாக்கர் இதயத்தை அமுக்கிப் பிடிச்சு மெதுவாக்குதா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதானால் இந்தப் பதிலைப் படியுங்கள். பீட்டா பிளாக்கர் இதயத்துக்கு எந்த உத்தரவும் போடுவதில்லை. உத்தரவு போட வருகிறவரை உட்கார விடாமல் செய்கிறது, அவ்வளவுதான்.

பஸ்ஸில் ஜன்னல் வழியாகச் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதுதான் இது. துண்டு இருக்கும் சீட்டில் யாரும் உட்கார முடியாது. ஆனால் துண்டு டிக்கெட் வாங்காது, பயணமும் போகாது. ஏற்பியில் உட்கார்ந்து அதை வேலை செய்ய வைக்கும் பொருளை அகோனிஸ்ட் என்கிறோம். நார்அட்ரீனலின் அப்படிப்பட்டது. உட்கார்ந்தும் வேலை செய்ய வைக்காமல் இடத்தை மட்டும் அடைத்துக்கொள்வது ஆன்டகோனிஸ்ட். பீட்டா பிளாக்கர் இந்த வகை. அதனால் ஒரு ஆன்டகோனிஸ்ட் எவ்வளவு வேலை செய்யும் என்பது, தடுப்பதற்கு அங்கே எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கீழே வரும் பாதிப் பதில்கள் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகின்றன.

நார்அட்ரீனலின் உட்கார்ந்தா உள்ள அப்படி என்னதான் நடக்குது?

இதயத்தின் வலது மேலறையில் எஸ்.ஏ. கணு இருக்கிறது. அங்குள்ள செல்களுக்குத் தானாகத் துடிக்கும் குணம் உண்டு. குழாயடியில் வைத்த குடம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மின்னேற்றம் சொட்டுச் சொட்டாக உள்ளே கசிகிறது. நிறைந்ததும் ஒரு துடிப்பு. உடனே காலியாகி மறுபடி நிறையத் தொடங்குகிறது. குழாயை எவ்வளவு திறந்து வைத்திருக்கிறோமோ அவ்வளவு வேகமாகக் குடம் நிறையும்.

இதயத்தை வேகப்படுத்துவது பரிவு நரம்பு. அதன் முனையிலிருந்து வரும் நார்அட்ரீனலின், பீட்டா ஏற்பியில் இதயத்தில் அதிகமுள்ள வகையான பீட்டா 1-இல் உட்காருகிறது. உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஜி புரதம் விழித்துக்கொண்டு ஒரு நொதியைத் தூண்டுகிறது. அந்த நொதி சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூறைத் தயாரிக்கிறது. குழாயைத் திறப்பது இந்தச் சைக்ளிக் ஏ.எம்.பி.தான். இதயத் தசைச் செல்களில் இதே மூலக்கூறு கால்சியம் வரவைக் கூட்டுவதால் ஒவ்வொரு துடிப்பும் பலமாகவும் ஆகிறது. எதிர்ப்பக்கம் வேகஸ் நரம்பு அசிட்டைல்கோலினை விட்டுக் குழாயை இறுக்குகிறது. பீட்டா பிளாக்கர் குழாயைத் தொடுவதே இல்லை, திறக்க வரும் கையைத்தான் தடுக்கிறது. குழாயையே நேராக இறுக்குகிற மருந்தும் இருக்கிறது. அது ஐவாபிராடின். அதை மாணவர்கள் பீட்டா பிளாக்கர் பட்டியலில் சேர்த்து எழுதிவிடுகிறார்கள், அது வேறு.

‘போட்டித் தடுப்பு’ன்னு புத்தகத்துல இருக்கு. சீட்டைப் பிடிச்சாச்சுன்னா அப்புறம் என்ன போட்டி?

துண்டு நிலையாக இருப்பதில்லை. ஒவ்வொரு மூலக்கூறும் ஏற்பியில் கொஞ்ச நேரம் ஒட்டும், பிறகு கழன்றுவிடும். கழன்ற நொடியில் பக்கத்தில் யார் அதிகமோ அவருக்கு வாய்ப்பு அதிகம். அதுதான் போட்டி.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை. 100 ஏற்பி இருக்கிறது. அவற்றில் பாதியைப் பிடிக்கும் அளவு நார்அட்ரீனலினை ‘1 பங்கு’ என்று வைப்போம். ஓய்வில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கிறது, அது 9 ஏற்பியைப் பிடிக்கும். வேகமாக நடக்கும்போது 1 பங்கு, அதாவது 50 ஏற்பி. பயந்து ஓடும்போது 10 பங்கு, 91 ஏற்பி. இப்போது பீட்டா பிளாக்கரைச் சேர்ப்போம். அது தனியாக இருந்தால் 90 ஏற்பியைப் பிடித்துவிடும் அளவு. அந்த அளவில், நார்அட்ரீனலின் பழைய பலனைப் பெறப் பத்து மடங்கு வேண்டும். ஆக ஓய்வில் 9 என்பது 1 ஆகிறது, நடையில் 50 என்பது 9 ஆகிறது, ஓட்டத்தில் 91 என்பது 50 ஆகிறது.

கடைசி எண்ணைக் கவனியுங்கள். 90 சீட்டில் துண்டு போடும் அளவு மருந்து இருந்தும், கூட்டம் பெருத்தபோது 50 சீட் கைமாறிவிட்டது. போட்டித் தடுப்பை எதிராளி கூட்டமாக வந்தால் வெல்லலாம். அகோனிஸ்டின் அளவையும் பலனையும் காட்டும் படத்தைப் பற்றிப் பரீட்சையில் ‘வளைகோடு வலப்பக்கம் நகரும், உச்சம் குறையாது’ என்று எழுதச் சொல்வதன் பொருள் இதுதான்.

மாத்திரை போட்டும் உட்கார்ந்திருக்கும்போது பல்ஸ் அவ்வளவா குறையல. அப்போ மருந்து வேலை செய்யலையா?

மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். ஓய்வில் குறைவதற்கு 8 ஏற்பிதான் இருந்தது. நடையில் 41. தடுக்க இருப்பதே குறைவு என்றால் தடுப்பும் குறைவாகத்தான் தெரியும்.

இன்னொரு காரணமும் சேர்கிறது. நரம்பு எதுவும் இல்லாமல் விட்டால் பெரியவர்களின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். மாற்று இதயம் பொருத்தியவர்களிடம் நரம்பு அறுபட்டிருப்பதால் இதை நேராகவே பார்க்கலாம். நமக்கு ஓய்வில் 70 இருப்பது வேகஸ் நரம்பு இழுத்துப் பிடித்திருப்பதால். அந்த நேரத்தில் பரிவு நரம்பின் பங்கு கொஞ்சம்தான்.

அதனால் மருந்து பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஓய்வு பல்ஸோடு, படி ஏறியதும் எண்ணும் பல்ஸும் வேண்டும். மருந்துக்கு முன் 82 இருந்தவருக்கு இப்போது 70, மாடி ஏறினால் 130 போனவருக்கு இப்போது 105 என்றால் ஏற்பிகள் நன்றாகவே அடைபட்டிருக்கின்றன. இதே காரணத்தால், 220-லிருந்து வயதைக் கழித்து உடற்பயிற்சி பல்ஸ் கண்டுபிடிக்கும் கணக்கு இந்த மாத்திரை போடுகிறவர்களுக்குப் பொருந்தாது. அந்த எண்ணைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டாம்.

பல்ஸைக் குறைச்சு என்ன லாபம்? நெஞ்சுவலிக்கு ரத்தம் அதிகமாப் போகத்தானே மருந்து வேணும்?

1950-களில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள், அடைபட்ட ரத்தக்குழாயை விரிக்கத்தான் மருந்து தேடினார்கள். ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக் மறுபக்கமிருந்து யோசித்தார். வரவைக் கூட்ட முடியாவிட்டால் செலவைக் குறைப்போம். இதயம் வேகமாகவும் பலமாகவும் துடிக்கும்போதுதான் ஆக்சிஜன் அதிகம் தேவை. அந்தத் தூண்டுதல் பீட்டா ஏற்பி வழியாக வருகிறது. அதை அடைத்தால் போதும். முதலில் வந்த புரோநெத்தலால் எலிகளில் கட்டி உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. அடுத்து வந்தது புரோப்ரனலால், 1964-ல். பிளாக்குக்கு 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மெதுவாகத் துடிப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. இதயத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் உள்ள ஓய்வில்தான் போகிறது. துடிப்பு குறைந்தால் அந்த இடைவெளி நீளும். ஆகப் பிளாக் கேட்டது செலவுக் குறைப்பு, கூடவே வரவும் கொஞ்சம் கூடுகிறது.

எனக்கு வீசிங் இருக்கு. ‘இதயத்துக்கு மட்டும்’ வேலை செய்யற பீட்டா பிளாக்கர்னா பயமில்லையே?

பயம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. மூச்சுக்குழாய்த் தசையில் இருப்பது பீட்டா 2. அதில் அட்ரீனலின் உட்கார்ந்தால் குழாய் விரியும். வீசிங்குக்கு இழுக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலரும் அதே ஏற்பியின் அகோனிஸ்ட்தான். புரோப்ரனலால் இரண்டு வகை ஏற்பியையும் வித்தியாசம் பார்க்காமல் அடைக்கும். ஆஸ்துமாக்காரருக்கு அது மூச்சுக்குழாயை இறுக்கிவிடும், அந்த நேரத்தில் இன்ஹேலரும் சரியாக எடுபடாது. அதனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் புரோப்ரனலால் கூடாது.

அட்டெனோலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் பீட்டா 1-ஐ அதிகம் விரும்புகின்றன. விரும்புகின்றன என்பதுதான் சரியான சொல், ‘மட்டும்’ என்பது இல்லை. ஒரு மருந்துக்குப் பீட்டா 1 மேல் பத்து மடங்கு பிடிப்பு என்று வைத்துக்கொள்வோம். பீட்டா 1-இல் 90 சீட்டைப் பிடிக்கும் அளவு கொடுத்தால் பீட்டா 2-இல் 47 சீட்டையும் பிடித்துவிடும். அளவை இரட்டித்தால் பீட்டா 1-இல் 95, பீட்டா 2-இல் 64. இதயத்தில் கூடுதலாகக் கிடைத்தது 5, மூச்சுக்குழாயில் பறிபோனது 17. டாக்டர் கொடுத்த அளவை நாமாகக் கூட்டக் கூடாது என்று நான் கடையில் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இந்தக் கணக்குதான் காரணம். வீசிங் இருப்பதை எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் சொல்லுங்கள்.

கண்ணுல விடற சொட்டு மருந்து எப்படி இதயத்தை மெதுவாக்கும்?

கண் அழுத்தத்துக்குக் கொடுக்கும் டிமோலால் ஒரு பீட்டா பிளாக்கர், அதுவும் வித்தியாசம் பார்க்காத வகை. சொட்டு கண்ணிலிருந்து கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்குள் இறங்கி, மூக்கின் உட்தோலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் கலக்கிறது. விழுங்கிய மாத்திரை முதலில் கல்லீரலுக்குப் போய் அங்கே ஒரு பகுதி அழிந்துவிடும். இந்தச் சொட்டு கல்லீரலைச் சந்திக்காமலே நேராகச் சுற்றுக்குப் போகிறது. அதனால்தான் சிறு அளவிலும் சிலருக்குப் பல்ஸ் இறங்குவது, இரைப்பது எல்லாம் வருகிறது.

சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை விரல் நுனியால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மூக்குக்குப் போகும் வழி அடைபடும். ‘நீங்க வேற என்ன மருந்து எடுக்கறீங்க’ என்று கேட்டால் கண் சொட்டைச் சொல்பவர்கள் மிகக் குறைவு. அதை மருந்தாகவே நினைப்பதில்லை.

சர்க்கரை இறங்கினா படபடப்பு வருமே, அது இந்த மாத்திரையில தெரியாதாமே?

உண்மைதான். படபடப்பும் கை நடுக்கமும் அட்ரீனலின் பீட்டா ஏற்பிகளில் உட்காருவதால் வருபவை, அவை மங்கிவிடும். ஆனால் வியர்வை நிற்காது. வியர்வைச் சுரப்பியைத் தூண்டும் நரம்பு அசிட்டைல்கோலினை விடுகிறது, அங்கே பீட்டா ஏற்பிக்கு வேலையில்லை. இன்சுலின் போடுகிறவர் காரணமில்லாமல் குளிர்ந்து வியர்த்தால் உடனே சர்க்கரையைப் பார்க்க வேண்டும்.

கல்யாணத்துக்குப் போனதுல நாலு நாள் மாத்திரை போடல. மருந்து இல்லாத பழைய நிலைக்குத்தானே போவேன்?

அதைவிட மோசமான நிலைக்குப் போகலாம். எங்கள் அத்தைக்கே இது நடந்தது. நெஞ்சுவலிக்கு நாலு வருடமாக மெட்டோப்ரோலால் எடுத்துக்கொண்டிருந்தார். வெளியூர்க் கல்யாணத்துக்குப் போகும்போது மாத்திரை அட்டையை ஃப்ரிட்ஜ் மேலேயே வைத்துவிட்டார். மூன்றாம் நாள் பந்திக்குப் படி ஏறும்போது நெஞ்சு அடித்துக்கொண்டது, கை நடுங்கியது. உட்கார வைத்து எண்ணினால் பல்ஸ் 118. மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்னால் அவருக்கு இப்படி இருந்ததே இல்லை.

செல் சும்மா இருப்பதில்லை. மாதக்கணக்கில் செய்தி வராமல் போனால் இன்னும் அதிக ஏற்பிகளை மேற்சவ்வில் கொண்டுவந்து வைக்கும். 100 இருந்த இடத்தில் 130 என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து இருக்கும்வரை தெரியாது. மெட்டோப்ரோலால் சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் பாதியாகிவிடும், ஒரு நாளில் ஏறக்குறையப் போய்விடும். கூடுதல் ஏற்பிகளோ உடனே போகாது. துண்டு எல்லாம் எடுத்தாகிவிட்டது, சீட் முன்பைவிட அதிகம். முன்பு 50 ஏற்பியில் உட்கார்ந்த நார்அட்ரீனலின் இப்போது 65-இல் உட்காரும். இதய ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவருக்கு இது மாரடைப்பு வரை போகலாம். நிறுத்த வேண்டுமானால் டாக்டர் ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். விட்டுப்போனவர், நெஞ்சுவலியோ படபடப்போ இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விட்ட நாலு நாள் மாத்திரையையும் சேர்த்து விழுங்குவது கூடவே கூடாது.

ஹார்ட் பம்பிங் குறைவா இருக்கறவருக்கு, துடிப்பைக் குறைக்கற மருந்தையே கொடுக்கறாங்களே?

நல்ல மாணவர்கள் கேட்கும் கேள்வி. வெகு காலம் டாக்டர்களும் இதைக் கொடுக்கப் பயந்தார்கள். 1975-ல் ஸ்வீடனில் கோதன்பர்க் மருத்துவர்கள் சிலருக்குக் கொடுத்துப் பார்த்து, நிலை தேறியதை எழுதினார்கள். 1990-களின் இறுதியில் பெரிய ஆய்வுகள் வந்த பிறகே இது வழக்கமானது.

தளர்ந்த இதயத்தை உடல் நார்அட்ரீனலினால் இரவு பகலாக விரட்டுகிறது. முதலில் உதவுகிறது, மாதங்கள் போகப்போகத் தசைச் செல்களைச் சிதைக்கிறது. ஏற்பிகளும் அந்த இரைச்சலில் குறைந்துபோகின்றன. மேலே சொன்ன அத்தை கதைக்கு நேர் எதிர் இது. விரட்டலைத் தடுத்தால் இதயம் தேற வழி கிடைக்கிறது. ஆனால் அன்றன்று பம்ப் ஆவதே அந்த விரட்டலால்தான், சட்டென்று பிடுங்கினால் மூச்சுத்திணறல் கூடிவிடும். அதனால் பிசோப்ரோலால் 1.25 மி.கி.-யில் தொடங்கி, குறைந்தது இரண்டு வாரம் விட்டு, தாங்கினால் கூட்டிக் கூட்டி 10 மி.கி. வரை போவார்கள். ஏற்றும்போது தினம் காலையில் எடை பார்க்கச் சொல்வார்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் தங்குகிறது என்று பொருள், டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பின்டோலாலும் பீட்டா பிளாக்கர்தானே, அதுல ஏன் ஓய்வு பல்ஸ் குறையறதில்ல?

அது பாதி அகோனிஸ்ட். ஏற்பியில் உட்கார்ந்து கொஞ்சம் வேலையும் செய்ய வைக்கும். ஓய்வில் நார்அட்ரீனலின் குறைவு என்பதால் பின்டோலால் தரும் சிறு தூண்டுதல் இழப்பை ஈடுகட்டிவிடுகிறது. ஓடும்போது முழு அகோனிஸ்டின் இடத்தைப் பாதி அகோனிஸ்ட் பிடித்துக்கொள்வதால் பல்ஸ் குறைகிறது. ஒரே மருந்து, எதிரில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்து இரண்டு விதமாகத் தெரிகிறது.

போட்டித் தடுப்பைக் கூட்டமா வந்தா வெல்லலாம்னீங்க. அப்போ அளவு மீறி விழுங்கினவருக்கு அட்ரீனலின் நிறையக் கொடுத்தாப் போதாதா?

கொடுப்பார்கள், ஆனால் பல நேரம் போதாது. துண்டுகள் அவ்வளவு நெருக்கமாகக் கிடக்கும்போது ஜெயிக்க வேண்டிய அட்ரீனலின் அளவு மிகப் பெரியது. அது பீட்டாவோடு நிற்காது, அடைபடாத ஆல்பா ஏற்பிகளில் உட்கார்ந்து ரத்தக்குழாய்களைச் சுருக்கும்.

இங்கே ஒரு வேறு வழி உண்டு, எனக்கு மருந்தியலிலேயே பிடித்த இடம் இதுதான். இதயச் செல்லின் மேல் குளூக்ககான் ஹார்மோனுக்கும் தனியாக ஏற்பி இருக்கிறது. அந்த ஏற்பியும் உள்ளே அதே ஜி புரதத்தை எழுப்பி, அதே சைக்ளிக் ஏ.எம்.பி.-யைத்தான் கூட்டுகிறது. பீட்டா பிளாக்கருக்கு அந்தச் சீட்டில் துண்டு போடத் தெரியாது. சர்க்கரை இறங்கியவருக்கு 1 மி.கி. போதுமான குளூக்ககானை, இங்கே நரம்பு வழியாக 5 மி.கி. அளவில் கொடுத்துப் பார்த்து, பல்ஸும் ரத்த அழுத்தமும் ஏறினால் சொட்டு சொட்டாகத் தொடர்வார்கள். இந்த அளவில் வாந்தி கட்டாயம் என்றே சொல்லலாம். மயக்கத்தில் இருப்பவர் அதை மூச்சுக்குழாயில் வாங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள, ஊசி போடும் முன்பே ஆயத்தமாக நிற்பார்கள்.